விகுதியின் முதல் ஒலி: கொரிய வினையில் இறந்தகாலமும் எதிர்காலமும் சேரும் விதம்

கொரிய வினைச்சொல்லை அகராதியில் தேடுபவர் அது எப்போதும் "தா" என்ற அசையில் முடிவதைக் காண்பார். காதா என்றால் போதல், ஓதா என்றால் வருதல், மொக்தா என்றால் உண்ணுதல். அந்தத் "தா"வை நீக்கினால் எஞ்சுவது வினையின் பகுதி. அதன்பின் காலம் காட்டும் உறுப்பும், அதற்கும் பின் பேச்சின் மரியாதையைக் காட்டும் விகுதியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பகுதி, இடைநிலை, விகுதி என்று பகுபதத்தைப் பிரித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. வந்தான், வந்தாள், வந்தது என்று ஆள் பார்த்து மாறும் விகுதி கொரிய மொழியில் இல்லை என்பதால், ஒருவகையில் அது தமிழைவிட எளியது என்றும் சொல்லலாம். சிக்கல் எழுவது பகுதியும் இடைநிலையும் சந்திக்கும் இடத்தில்தான்.

பாடநூல்கள் பெரும்பாலும் அந்த இடத்தை ஒரே கேள்வியால் கடந்துவிடுகின்றன: பகுதி உயிரில் முடிகிறதா, மெய்யில் முடிகிறதா? கேள்வி தவறன்று, ஆனால் அது பாதிக் கேள்வி. பகுதி எதில் முடிகிறது என்பதற்கு முன், வந்து சேரும் உறுப்பு எந்த ஒலியில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இறந்தகால உறுப்பு உயிரில் தொடங்குகிறது. பெருவழக்கான எதிர்கால உறுப்பு, தேவைப்பட்டால் வந்து தேவையில்லையென்றால் மறையும் ஓர் உகரத்தில் தொடங்குகிறது. எதிர்காலத்துக்கும் ஊகத்துக்கும் பயன்படும் இன்னோர் உறுப்பு மெய்யில் தொடங்குகிறது. ஒரே வினை இந்த மூன்றின் முன்னும் மூன்று விதமாக நடந்துகொள்வதும், ஒழுங்கற்றவை என்று ஒதுக்கப்படும் வினைகள் பலவும் இந்தப் பகுப்புக்குள் ஒழுங்காக அடங்குவதும் கவனிக்கத்தக்கவை.

மேலே செல்லுமுன் எழுத்துப்பெயர்ப்பைப் பற்றிச் சில சொற்கள் தேவை. இக்கட்டுரையில் ஆ, ஓ, ஊ, ஏ என்று எழுதப்படுபவை கொரிய மொழியின் உயிர்களைக் குறிக்கின்றனவே அன்றி நீட்டத்தைக் குறிக்கவில்லை. குறிலாக வரும் ஒ, இதழைக் குவிக்காமல் வாயைச் சற்றே திறந்து ஒலிக்கும் உயிருக்கு நிற்கிறது. குறிலாக வரும் உ, "நாடு", "காசு" ஆகியவற்றின் ஈற்றில் இதழ் குவியாமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தைப் போன்றது. இது ஊ என்று எழுதப்படுவதிலிருந்து வேறான உயிர். ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் வலிந்தும் உயிர்களுக்கிடையே மெலிந்தும் ஒலிப்பது இரு மொழிகளுக்கும் பொதுவான வழக்கம் என்பதால், க, த, ப ஆகியவற்றைத் தமிழில் படிப்பதுபோலவே படித்துக்கொள்ளலாம்.

இறந்தகால உறுப்புக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன: ஆஸ்ஸ், ஒஸ்ஸ். பகுதியின் கடைசி உயிர் ஆ அல்லது ஓ என்றால் ஆஸ்ஸ் வரும்; மற்ற உயிர்கள் எல்லாவற்றுக்கும் ஒஸ்ஸ் வரும். பெறுதல் என்னும் பொருளுள்ள பாத்தாவின் பகுதி பாத். அதன் உயிர் ஆ என்பதால் அது மரியாதை விகுதியோடு பாதாஸ்ஸொயோ ஆகிறது. உண்ணுதலின் பகுதியான மொக் என்பதில் ஒ இருப்பதால் மொகொஸ்ஸொயோ வருகிறது. பகுதியின் ஈற்றில் மெய் இருக்கிறதா என்ற கேள்வி இந்தத் தேர்வில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே தீர்மானிப்பது உயிரின் நிறம் மட்டுமே. கொரிய இலக்கணம் ஆ, ஓ இரண்டையும் ஒளி உயிர்கள் என்றும், ஒ, ஊ முதலியவற்றை இருள் உயிர்கள் என்றும் பிரித்து, ஒளியோடு ஒளியும் இருளோடு இருளும் சேர்வதை உயிரிசைவு என்று அழைக்கிறது. 1446-இல் அரசர் சேஜோங் வெளியிட்ட ஹங்குல் எழுத்திலேயே இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியும்படி வரையப்பட்டிருக்கிறது: நிமிர்ந்த கோட்டுக்கு வலப்புறமும் கிடைக்கோட்டுக்கு மேலும் சிறுகோடு நின்றால் அவை ஒளி உயிர்கள், இடப்புறமும் கீழும் நின்றால் அவை இருள் உயிர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் மொழி முழுவதும் பரவியிருந்த இந்த இசைவு பின்னர் தளர்ந்து, இன்று வினை ஈறுகளிலும் ஒலிக்குறிப்புச் சொற்களிலும் மட்டுமே தங்கியிருக்கிறது. சியோல் நகரத்துப் பேச்சில் ஒளி உயிருக்குப் பின்னும் இருள் வடிவம் காதில் விழுவதுண்டு; எழுத்து வழக்கு அதை ஏற்பதில்லை.

இறந்தகால உறுப்புக்கு ஏன் உயிர் முதலாக நிற்கிறது என்பதற்கு அதன் வரலாறே விடை. இடைக்காலக் கொரிய மொழியில் ஆ, ஒ என்ற எச்ச விகுதியோடு "இரு" என்னும் பொருளுள்ள இத் என்ற துணைவினை சேர்ந்து, செய்து முடித்த நிலை தொடர்வதைக் குறித்தது. அதாவது "வந்து இரு" என்பதன் நேர்வடிவம். இரண்டும் இறுகி ஒன்றாகிய எச்சமே இன்றைய ஆஸ்ஸ், ஒஸ்ஸ் ஆகியவை. "வந்திருக்கிறான்" என்ற தமிழ் வடிவத்தை அறிந்தவருக்கு இந்த மாற்றத்தின் பாதை உடனே புரியும். பழைய பொருளின் தடமும் முற்றிலும் அழிந்துவிடவில்லை: தாயைப் போலிருக்கிறாள் என்பதைக் கொரியர் இறந்தகால வடிவத்தாலேயே சொல்கிறார்கள், திருமணமானவர் என்பதற்கும் அவர்கள் சொல்வது "திருமணம் செய்தார்" என்றே. இந்த இடங்களில் அந்த உறுப்பை இறந்தகாலம் என்று பெயர்த்தால் பொருள் கெடும்.

பகுதி மெய்யில் முடிந்தால், உறுப்பின் முதல் உயிர் அந்த மெய்யின்மேல் ஏறிக்கொள்கிறது. தமிழில் மெய்மேல் உயிர் ஏறும் புணர்ச்சியே இது. பகுதி உயிரில் முடிந்தால்தான் உயிரும் உயிரும் நேருக்கு நேர் நிற்கின்றன. தமிழ் அந்த நிலையில் யகரத்தையோ வகரத்தையோ உடம்படுமெய்யாக நடுவில் வைத்து இரண்டையும் காப்பாற்றுகிறது. கொரிய மொழி இரண்டையும் நெருக்கி ஒன்றாக்குகிறது. கா என்ற பகுதியோடு ஆஸ்ஸ் சேர்ந்தால் ஆக்கள் இரண்டும் ஒன்றாகிக் காஸ்ஸொயோ வருகிறது. இங்கே பிரித்து எழுதுவதற்கு இடமே இல்லை. ஓ என்ற பகுதி வாஸ்ஸொயோ ஆவதும் அப்படியே கட்டாயம். பார்த்தல் என்னும் போ, போஆஸ்ஸொயோ என்று விரிந்தும் ப்வாஸ்ஸொயோ என்று சுருங்கியும் நிற்கலாம். முன்னது ஏட்டுநடை, பின்னது பேச்சு. குடித்தல் என்னும் மாஷி, தன் இகரத்தை யகரமாக்கி மாஷ்யொஸ்ஸொயோ ஆகிறது. கற்றல் என்னும் பேஊ, தன் ஊவை வகரமாக்கிப் பேவொஸ்ஸொயோ ஆகிறது. செய்தல் என்னும் ஹா ஒன்றே எந்த விதியிலும் அடங்காமல் ஹேஸ்ஸொயோ ஆகிறது. மிக அதிகமாகப் புழங்கும் வினையே விதியை மீறுவது எந்த மொழிக்கும் புதிதன்று.

குற்றியலுகரம் போன்ற உ பகுதியின் ஈற்றில் நின்றால் அது முற்றிலும் கெட்டுவிடுகிறது. எழுதுதல் என்னும் ஸ்ஸு, ஸ்ஸொஸ்ஸொயோ ஆகிறது. "நாடு" என்பதோடு "இல்லை" சேரும்போது உகரம் கெட்டு "நாடில்லை" ஆவதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். உ கெட்டபின் உயிரிசைவு எதைப் பார்த்துத் தீர்மானமாகும் என்ற கேள்விக்கு விடை, அதற்கு முந்திய அசையை என்பதே. வேலைமிகுதியாக இருத்தல் என்னும் பாப்பு, உ போனபின் முந்திய ஆவை நோக்கிப் பாப்பாஸ்ஸொயோ ஆகிறது. முந்திய அசையே இல்லாத ஸ்ஸு இருள் வடிவத்தை எடுக்கிறது.

தொடக்கநிலை மாணவர் மிகுதியாகச் செய்யும் பிழை ஒன்று இவ்விடத்தில் தோன்றுகிறது. நிகழ்கால மரியாதை விகுதியும் ஆயோ, ஒயோ என்று இருவடிவம் பெறுவதால், இறந்தகாலத்திலும் அதே இசைவைத் தொடர்ந்து காஸ்ஸாயோ என்று எழுதிவிடுகிறார்கள். இறந்தகால உறுப்புக்குப் பின் வரும் விகுதி, அந்த உறுப்பு ஆஸ்ஸ் ஆனாலும் ஒஸ்ஸ் ஆனாலும், எப்போதும் ஒயோ என்பதுதான். இசைவு ஒரே ஒரு முறை, பகுதிக்கும் உறுப்புக்கும் இடையே நிகழ்ந்து முடிந்துவிடுகிறது.

எதிர்காலத்துக்குப் பேச்சிலும் எழுத்திலும் பெரிதும் வழங்கும் வடிவம் ஒரே உறுப்பு அன்று. அது மூன்று சொற்களின் தொடர். லகரம் என்ற ஒரே மெய், வினையை எதிர்காலப் பெயரெச்சமாக்குகிறது; அதன்பின் "பொருள்", "அது" என்று பொருள்படும் கொத் என்ற பெயரும், "ஆகும்" என்று பொருள்படும் இதா என்ற இணைப்புவினையும் வருகின்றன. பேச்சில் இவை குறுகி கொயேயோ ஆகின்றன. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "போகும் அது ஆகும்" என்பதே கால் கொயேயோவின் உடல். பொருள் மட்டும் "போவேன்" அல்லது "போவார்".

பகுதி உயிரில் முடிகிறதா, மெய்யில் முடிகிறதா என்ற பழைய கேள்வி உண்மையாகவே வேலை செய்யும் இடம் இதுதான். கா என்ற பகுதி உயிரில் முடிவதால் லகரம் நேரே அதன் அடியில் ஒட்டி, கால் கொயேயோ வருகிறது. மொக் என்பது மெய்யில் முடிகிறது. மெய்யின் பின் மெய்யாக லகரத்தை ஒரே அசையில் ஒலிக்க முடியாததால், நடுவில் உ வந்து மொகுல் கொயேயோ ஆகிறது. பேச்சுத் தமிழ் "பல்" என்பதைப் "பல்லு" என்றும் "கண்" என்பதைக் "கண்ணு" என்றும் தாங்கிப் பிடிப்பதும் இதே உகரத்தைக் கொண்டுதான். தாங்குவதற்கென்றே வந்த உயிர் என்பதால், பகுதியின் உயிர் ஒளியானாலும் இருளானாலும் அது மாறுவதில்லை: பாத் என்பது பாதுல் கொயேயோ ஆகிறது. உயிரிசைவு இங்கே அடியோடு ஓய்வெடுத்துக்கொள்கிறது.

லகரத்தில் முடியும் பகுதிகள் மெய்யீறாக இருந்தும் உயிரீறுபோல் நடந்துகொள்கின்றன. வாழ்தல் என்னும் ஸால், தாங்கும் உகரத்தை வேண்டுவதில்லை; தன் லகரத்தை இழந்து, வந்த லகரத்தை ஏற்று, மீண்டும் ஸால் ஆகவே நிற்கிறது: ஸால் கொயேயோ. மாணவர் ஸாருல் கொயேயோ என்று எழுதினால் அவர் விதியைச் சரியாகக் கற்று, இந்த விலக்கை மட்டும் கற்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வாங்குதல் என்னும் ஸா, உயிரீறு என்ற முறையில் லகரத்தைப் பெற்று அதுவும் ஸால் கொயேயோ ஆகிவிடுவதால், "வாழ்வேன்" என்பதும் "வாங்குவேன்" என்பதும் எதிர்காலத்தில் ஒரே உருவம் பெறுகின்றன. வீட்டைக் குறிக்கும் சொல்லோடு செயப்படுபொருள் உருபு வந்தால் வாங்குவது, இட உருபு வந்தால் வாழ்வது என்று கொரியர் பிரித்தறிகிறார்கள். இறந்தகாலத்தில் இந்தக் குழப்பம் எழுவதேயில்லை: வாங்கியது ஸாஸ்ஸொயோ, வாழ்ந்தது ஸாராஸ்ஸொயோ.

லகரத்தை அடுத்து வரும் ககரம் பேச்சில் இறுகி ஒலிப்பதால் எழுத்துப்பிழைக்கும் இந்த வடிவம் இடம் தருகிறது. வாக்குறுதியைக் குறிக்கும் உறவுடைய விகுதியான ல்கேயோ, "நான் செய்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற தொனியில் பேசுபவர் தம்மைப் பற்றி மட்டுமே சொல்வது. அதை ஒலியைப் பின்பற்றி இரட்டைக் ககரத்தால் எழுதுவதே முன்பு முறையாக இருந்தது. 1988-இல் அறிவிக்கப்பட்ட எழுத்துக்கூட்டு விதிகள் அதை ஒற்றைக் ககரமாக்கின. அதற்குமுன் பள்ளியில் படித்தவர்கள் இன்றும் பழைய வழக்கில் எழுதுவதைக் கண்டு மாணவர் குழம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது உறுப்பான கேஸ்ஸ் மெய்யில் தொடங்குவதால் எந்தப் பகுதியோடும் உராய்வின்றிச் சேர்கிறது. காகேஸ்ஸொயோ, மொக்கேஸ்ஸொயோ, ஸால்கேஸ்ஸொயோ என்று பகுதி அகராதியில் இருந்தபடியே நிற்கிறது. இசைவு, சுருக்கம், தாங்கும் உகரம் எதுவும் வேண்டியதில்லை. இணைப்பதற்கு இவ்வளவு எளிய உறுப்பு, பொருளில் மட்டும் எளியதன்று. வானிலை அறிவிப்பாளர் மழை வரும் என்று சொல்வதும், பணியாளர் மேலதிகாரியிடம் தாமே செய்துவிடுவதாகச் சொல்வதும், இன்னும் வாயில் வைக்காத உணவைப் பார்த்து "சுவையாயிருக்கும்போல" என்று மதிப்பதும் இதே உறுப்பால்தான். "தெரியவில்லை" என்பதற்குக் கொரியர் அன்றாடம் சொல்லும் மோருகேஸ்ஸொயோவில் எதிர்காலம் சிறிதும் இல்லை. அங்கே அது கூற்றின் கூர்மையைக் குறைத்துப் பணிவாக்குகிறது. இதை எதிர்கால உறுப்பு என்று அட்டவணையில் எழுதிவைப்பது பாடநூலாசிரியரின் வசதிக்காக மட்டுமே என்று கருத இடமுண்டு.

ல் கொயேயோவும் காலத்தை மட்டும் குறிப்பதன்று என்பதற்கு இறந்தகால உறுப்போடு அது சேரும் வடிவமே சான்று. காஸ்ஸ் என்பதன் ஈறு இப்போது மெய் ஆகிவிட்டதால், தாங்கும் உகரம் வந்து காஸ்ஸுல் கொயேயோ ஆகிறது. ஒருவர் ஏற்கெனவே போய்விட்டார் என்ற ஊகம் அதன் பொருள். "போயிருப்பார்" என்று தமிழும் எதிர்கால இடைநிலையையே இந்த ஊகத்துக்குக் கடன் வாங்குகிறது. கா என்ற உயிரீறு நேரே லகரத்தை ஏற்றதையும், அதே வினை இறந்தகாலம் ஏறியபின் உகரம் கேட்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விதி பார்ப்பது வினையை அன்று, அந்தக் கணத்தில் கடைசியாக நிற்கும் ஒலியை என்பது தெளிவாகும்.

இனி ஒழுங்கற்றவை எனப்படும் வினைகளில் மூன்று வகைகளைக் காணலாம். கேட்டல் என்னும் துத்தாவின் பகுதியீறான தகரம், உயிர் முதலாக வரும் உறுப்பின் முன் ரகரமாகிறது: துரொஸ்ஸொயோ. தாங்கும் உகரமும் உயிரே என்பதால் எதிர்காலத்திலும் துருல் கொயேயோ என்றே வரும். மெய்முதலான கேஸ்ஸுக்கு முன் மட்டும் தகரம் மீண்டுவிடுகிறது: துத்கேஸ்ஸொயோ. குளிராயிருத்தல் என்னும் சூப்தாவின் பகரம் உயிரின் முன் வகரமாய் மெலிந்து சூவொஸ்ஸொயோ ஆகிறது. தாங்கும் உகரத்தோடு ஊவாகக் கரைந்து சூஊல் கொயேயோ ஆகிறது. கேஸ்ஸுக்கு முன் பகரமாகவே நிற்கிறது. கட்டுதல் என்னும் சித்தாவை எழுதும்போது பகுதியீற்றில் ஸகர எழுத்து உண்டு, தனித்து ஒலிக்கும்போது அது தகரமாகக் கேட்கும். உயிரின் முன் அது காணாமலே போய்ச் சிஒஸ்ஸொயோ வருகிறது. மாஷி என்பதன் இகரம் உடனே யகரமாகிச் சுருங்க, இங்கே மட்டும் இகரமும் ஒகரமும் சுருங்காமல் தனித்தனியே நிற்பது, நடுவில் ஒரு மெய் இருந்து போன வெற்றிடத்தின் அடையாளம். பதினைந்தாம் நூற்றாண்டு ஹங்குலில் மெலிந்த ஸகரத்துக்கும் மெலிந்த பகரத்துக்கும் தனி எழுத்துகள் இருந்தன. அவ்வொலிகள் பின்னர் மொழியிலிருந்து மறைந்து, இவ்வகை வினைகளை மட்டும் தம் தடமாக விட்டுச் சென்றன. பெறுதல், மூடுதல் ஆகிய வினைகளின் தகரமும், உடுத்தல் என்னும் வினையின் பகரமும், கழுவுதல் என்னும் வினையின் ஸகரமும் மாறாமல் இருப்பதால், எது மாறும் என்பதைப் பகுதியின் உருவம் மட்டும் சொல்லிவிடாது, அகராதி தேவைப்படும்.

அகராதியைத் தேடுவதற்கே பகுதியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் வாசிப்பவரின் இக்கட்டு. மூரொஸ்ஸொயோ என்ற சொல்லை ஒரு பக்கத்தில் கண்டவர், அதிலிருந்து ஒஸ்ஸொயோவைப் பிரித்தால் கையில் கிடைப்பது உயிரின் முன் ரகரமாய் ஒலிக்கும் ஓர் ஈறு. அது இயல்பான லகர ஈறாகவும் இருக்கலாம், தகரம் திரிந்ததாகவும் இருக்கலாம். முன்னது கடித்தல் என்னும் மூல்தா. பின்னது வினவுதல் என்னும் மூத்தா. இதே மூத்தா என்ற உருவத்தில் புதைத்தல் என்னும் இன்னொரு வினையும் இருக்கிறது. ஆனால் அதன் தகரம் திரியாதது என்பதால் அதன் இறந்தகாலம் மூதொஸ்ஸொயோ ஆகி, வரிசையிலிருந்து விலகிக்கொள்கிறது. ஆக, இறந்தகாலத்தில் கடித்ததும் வினவியதும் ஒன்று, புதைத்தது வேறு. கேஸ்ஸைச் சேர்த்துப் பார்த்தால் கூட்டணி மாறுகிறது: வினவுவதும் புதைப்பதும் மூத்கேஸ்ஸொயோ என்று ஒன்றாக, கடிப்பது மூல்கேஸ்ஸொயோ என்று தனித்து நிற்கிறது. தாங்கும் உகரத்தோடு வரும் எதிர்காலம் ஒன்றே மூன்றையும் மூன்றாகக் காட்டுகிறது: வினவப்போவது மூருல் கொயேயோ, புதைக்கப்போவது மூதுல் கொயேயோ, லகர ஈறாகையால் உகரம் பெறாத கடிக்கப்போவது மூல் கொயேயோ. சின்கூகா மூரொஸ்ஸொயோ என்றால் நண்பர் வினவினார். கேகா மூரொஸ்ஸொயோ என்றால் நாய் கடித்தது. நாய் வினவியது என்று கொள்வதை இலக்கணம் தடுக்கவில்லை, குழந்தைகளுக்கான கதைகளில் அப்படியும் வரலாம்.